பிரிவுக் கூட்டும் வயதுக் கூட்டும் பொருந்தாதபோது

"முல்லைத்தீவுப் பக்கம் சிறிய வைத்தியசாலை. மாத அறிக்கையில் நோயாளர் எண்ணிக்கையின் பிரிவுக் கூட்டு 2,146, வயதுக் கூட்டு 2,109. பிழை எங்கே?"

மாதக் கூட்டை மறுபடி கூட்டாமல், ஒவ்வொரு நாளின் வித்தியாசத்தையும் தனி நிரலில் எழுதுங்கள். அது பல் சிகிச்சை நாட்களில் மட்டும் தோன்றினால், வெளிநோயாளர் பிரிவிலிருந்து பல் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்கள் பிரிவுக் கணக்கில் இருமுறையும் வயதுக் கணக்கில் ஒருமுறையும் சேர்ந்திருக்கக்கூடும். எங்களிடம் ஒரு செவ்வாய்க்கிழமை பிரிவுக் கூட்டு 94 என்றும் வயதுக் கூட்டு 85 என்றும் வந்தது. பல் பதிவேட்டிலிருந்த ஒன்பது துண்டு இலக்கங்கள் வெளிநோயாளர் பதிவேட்டிலும் இருந்தன. வருகையா, ஆளா என்று படிவம் கேட்பதைப் பார்த்து, இரு அட்டவணைகளிலும் அதையே எண்ணுங்கள். வித்தியாசம் எல்லா நாட்களிலும் ஒன்று இரண்டாகச் சிதறியிருந்தால், வயது எழுதப்படாத வரிகளைத் தேடுங்கள். தயவுசெய்து அந்த 37 பேரை ஏதோவொரு வயதுக் குழுவில் போட்டுச் சமப்படுத்திவிடாதீர்கள்.