மே மாதம் பிறந்தவளா, பொங்கலுக்கு முன் பிறந்தவளா?

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாடத்தில் மிகவும் மெதுவாக இருக்கிறாள் என்று ஆசிரியை சொன்னதால், செப்டம்பர் 20 அன்று புதுச்சேரியில் வெக்ஸ்லர் நுண்ணறிவுத் தேர்வு எடுத்தோம். திட்ட மதிப்பெண் 88, பெர்சென்டைல் 21 என்று அறிக்கை வந்தது. "நூற்றுக்கு 21, பெயில்" என்கிறார் கணவர். அறிக்கையில் வயது 8 வருடம் 4 மாதம் என்று இருக்கிறது. அவள் பிறந்தது 2018 ஜனவரி 10. எல்.கே.ஜி.யில் இடம் கிடைக்க வேண்டுமென்று 2017 மே 10 என்று கணவர் எழுதிக் கொடுத்தார், அதுவே நிலைத்துவிட்டது. இன்னொரு இடத்தில் மறுபடி தேர்வு எழுத வைக்கலாமா?
— ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: எல்.கே.ஜி. விஷயத்தை ஏதோ வழியில் நினைவுக்கு வந்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. பெர்சென்டைல் 21 என்பது நூற்றுக்கு 21 கேள்விக்குச் சரியாக விடை சொன்னாள் என்பதல்ல. அவள் வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், ஏறக்குறைய 21 பேர் இவளுக்குச் சமமாகவோ கீழேயோ இருப்பார்கள் என்பதுதான். இதில் 35 என்ற கோடே கிடையாது. 88-ம் அப்படித்தான். ஒரு வயதினரின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த வயதில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் வருவார்கள். சராசரிக்குச் சற்றுக் கீழே, அவ்வளவே.

மேலே நான் "அவள் வயது" என்று சொன்னேன். எந்த வயது அம்மா?

குழந்தை விடை சொல்லி எடுப்பது மூல மதிப்பெண். அதற்குத் தனியாகப் பொருள் இல்லை. தேர்வு எடுத்த நாளிலிருந்து பிறந்த நாளைக் கழித்து, வருடம், மாதம், நாள் என்று வயதைக் கணக்கிட்டு, அந்த வயதுக்குரிய அட்டவணையைத் திறந்து அதை மாற்ற வேண்டும். இந்தத் தேர்வில் நான்கு மாதத்துக்கு ஓர் அட்டவணை. உங்கள் மகளுக்கு 8 வருடம் 4 மாதத்துக்கான பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். உண்மையில் திறந்திருக்க வேண்டியது 7 வருடம் 8 மாதத்துக்கான பக்கம். எட்டு மாதம் மூத்த பிள்ளைகளோடு அவளை ஓடவிட்டு, பின்தங்கிவிட்டாள் என்று நீங்கள் கண்ணைக் கசக்குகிறீர்கள்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பார்க்க, பழைய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் அறிவு எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதோ அதுதான் மன வயது; அதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். 8 வருடம் 4 மாதம் என்றால் 100 மாதம். 88 எடுத்தால் மன வயது 88 மாதம். அதே 88-ஐ உண்மை வயதான 92 மாதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 96. திட்ட மதிப்பெண் 96 என்றால் பெர்சென்டைல் 39. இது தோராயம்தான், சரியான எண் அட்டவணையிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் குழந்தை ஒரு விடையைக்கூட மாற்றவில்லை, நாள்காட்டி மட்டும் மாறியது என்பதைக் கவனியுங்கள்.

மறுபடி தேர்வு இப்போது வேண்டாம். அதே புதிர்களை அவள் நினைவில் வைத்திருப்பாள், மதிப்பெண் பொய்யாக ஏறும். பெரும்பாலான பகுதிகளை விடைத்தாளிலிருந்தே சரியான அட்டவணைப்படி மாற்றிவிடலாம். எல்லாவற்றையும் அல்ல. குறிகளைப் பார்த்து வேகமாக எழுதும் பகுதிக்கும், குறிகளைத் தேடும் பகுதிக்கும் 6, 7 வயதினருக்கு ஒரு தாள், 8 வயது முதல் வேறு தாள். அவளுக்குப் பெரிய பிள்ளைகளின் தாளைக் கொடுத்திருப்பார்கள். அதை எப்படிச் சரிசெய்வது என்று தேர்வு எடுத்த உளவியலாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; நீங்கள் கொடுத்த தேதியை அவர் நம்பினார்.

ஆசிரியையின் புகாரும் இதே பொய்யில் பிறந்ததாக இருக்கலாம். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்களில் பலர் அவளைவிடப் பல மாதம் மூத்தவர்கள். ஒரு வருடம் முந்திவிட்டோம் என்று பெருமைப்பட்டது பெற்றோர். அந்த எட்டு மாதத்தைப் புத்தகப் பையோடு சுமந்தது அவள். பிள்ளையின் வயது விற்பனைப் பொருளா, கூட்டிக் குறைத்துச் சொல்ல? எனக்கு இதில் இரக்கம் வரவில்லை, மன்னியுங்கள்.

மருத்துவமனையில் கொடுத்த பிரசவச் சீட்டைத் தேடி எடுங்கள். அறிக்கையோடு புதுச்சேரிக்குப் போய் உண்மைத் தேதியைச் சொல்லுங்கள். பள்ளிப் பதிவேட்டையும் இப்போதே திருத்தக் கேளுங்கள்; பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் பெரும்பாடு. உளவியலாளரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தேதியை மாற்றிக் கொடுத்தது யார் என்று அவர் கேட்டால், நீங்கள் பேச வேண்டாம்.