ஸ்கெட்ச்சைப் பார்த்துக் கோயிலின் பாணியைச் சொல்ல: போதிகையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான் சென்னையில் பி.ஆர்க். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கட்டடக்கலை வரலாற்றில் தமிழகக் கோயில்கள் பற்றிய பாடம் மட்டும் நாற்பது பக்கம் இருக்கிறது. படிக்கும்போது புரிகிறது, ஆனால் தேர்வில் ஒரு ஸ்கெட்ச்சைக் கொடுத்து இது எந்தப் பாணி என்று கேட்டால் தடுமாறிவிடுகிறேன். கட்டட வகை, கட்டுமானக் கருத்து, பார்த்ததும் தெரியும் அடையாளம் என்று பாடத்தைச் சுருக்கிக் குறிப்பெடுப்பது எப்படி?

பதில்: பாடம் மன்னர் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் குறிப்பும் அதே வரிசையில் அமைந்தால் மகேந்திரன், மாமல்லன், இராசசிம்மன், இராசராசன் என்று பெயர்கள்தான் மனத்தில் நிற்கும். ஆனால் ஸ்கெட்ச்சில் பெயர் இருக்காது. ஆகவே முதல் வாசிப்பில் மன்னர் பெயரைத் தொடாமல், ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் "இது எப்படி உருவானது?" என்ற ஒரே கேள்விக்கு மட்டும் பென்சிலால் விடை எழுதுங்கள். நாற்பது பக்கமும் மூன்று விடைகளில் அடங்கிவிடும்: பாறைக்குள் குடைந்தது, பாறையை வெளியிலிருந்து செதுக்கி எடுத்தது, கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டியது. குடைவரை, ஒற்றைக்கல் ரதம், கட்டுமானக் கோயில் என்ற கட்டட வகைகள் இவைதான்.

வகையைச் சொல்லப் படத்தின் விளிம்பைப் பார்த்தாலே போதும். குடைவரைக்கு முகப்பு மட்டுமே உண்டு. மேலே விமானமோ பக்கச் சுவரோ இருக்காது, தூண்களுக்கு மேலே பாறைதான் தொடரும். ஒற்றைக்கல் ரதத்தை நான்கு பக்கமும் சுற்றி வரலாம், ஆனால் கல் இணைப்புக் கோடு எங்கும் இருக்காது. கட்டுமானக் கோயிலில் கல் வரிசைகள் தெரியும். ஸ்கெட்ச் வரைந்தவர் கவனமானவராக இருந்தால் அந்த வரிசைக் கோடுகளை விட்டிருக்க மாட்டார்.

கட்டுமானக் கருத்து என்ற இரண்டாவது பகுதியில்தான் மாணவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். "தூணும் உத்திரமும்" என்று எல்லாப் பாணிக்கும் ஒரே வரியை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரி தவறில்லை, ஆனால் அதனால் பயனும் இல்லை. அதற்குப் பதிலாக, "இந்த உறுப்பு உண்மையிலேயே எடை தாங்குகிறதா, தாங்குவது போன்ற உருவம் மட்டுமா?" என்று கேட்டு எழுதுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரையின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இல்லாமல் இந்தக் கோயில் எடுக்கப்பட்டது என்று சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பணி அது. அதுவரை கோயில்கள் எந்தப் பொருள்களால் கட்டப்பட்டன என்பதையும் அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. அங்கே தூண், தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை, உத்திரம், கூரை எல்லாம் ஒரே பாறை. போதிகைக்கு அங்கே கட்டுமான வேலை இல்லை; மரக் கட்டடத்தில் அது செய்த வேலையின் நினைவாக மட்டுமே செதுக்கப்பட்டிருக்கிறது. மாமல்லபுரத்து ரதங்களும் அப்படியே: திரௌபதி ரதத்தின் கூரை கூரைவேய்ந்த குடிசை, பீம ரதத்தின் கூரை கூண்டு வண்டியின் வளைவு.

கல்லை அடுக்கிக் கட்டும்போதுதான் போதிகை உண்மையான வேலைக்கு வருகிறது. கருங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உத்திரத்தின்மேல் எடை ஏறும்போது அதன் அடிப்பக்கம் நடுவில் இழுபடுகிறது. விரிசல் அங்கேதான் விழும். தூணின் தலையில் இருபக்கமும் கை நீட்டியதுபோல் ஒரு கல்லை வைத்தால், உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளி குறைகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு தூண்களுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி, ஒவ்வொரு போதிகையும் 30 சென்டிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 1.4 மீட்டர். சீரான எடையில் வளைவுத் திருப்பம் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 0.7 × 0.7 = 0.49, அதாவது உத்திரத்தின் நடுவில் வளைவுத் திருப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. போதிகை தானே முறியாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும், அதனால்தான் அதன் அடிப்பகுதி தூணை நெருங்க நெருங்கத் தடிக்கிறது. அந்தத் தடிப்பை எப்படிச் செதுக்கி முடித்தார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. அதனால் கட்டுமானக் கருத்தும் அடையாளமும் இந்த ஓர் உறுப்பில் சந்திக்கின்றன. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் நூறாண்டுகளுக்கு முன்பே போதிகை, கூரை விளிம்பில் குதிரை லாட வடிவில் செதுக்கப்படும் கூடு போன்ற சிறு உறுப்புகளின் மாற்றத்தைத் தொடர்ந்து பார்த்துத் தமிழகக் கோயில்களைக் காலவரிசைப்படுத்தினார்.

எனவே மூன்று போதிகைகளை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்குப் பழக வேண்டும். ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவுக்குப் பக்கவாட்டுத் தோற்றமாக வரையுங்கள். பல்லவருடையது கால்வட்டம்: உத்திரத்தின் அடியிலிருந்து தூணை நோக்கி வளைந்து இறங்கும் கோடு, அதன்மேல் அலையலையாகச் சுருள்கள். இதைத் தரங்கப் போதிகை என்பார்கள். மண்டகப்பட்டில் சுருள் இல்லை, வளைவு மட்டும்தான். சோழருடையதில் வளைவு போய், ஏறத்தாழ 45 பாகையில் சாய்ந்த நேர்வெட்டு வருகிறது. பலவற்றில் அந்தச் சாய்வின் நடுவே நாக்குப் போன்ற ஒரு முனை வெளியே நீண்டிருக்கும். இது வெட்டுப் போதிகை. விசயநகர காலத்தில் அந்த முனை நீண்டு, வளைந்து, கீழே தொங்கும் தாமரை மொட்டாக ஆகிவிடுகிறது. அதுதான் பூமுனைப் போதிகை. நடுவில் உள்ள பிற்காலப் பாண்டியர் கட்டத்தில் மொட்டு அரும்பத் தொடங்குவதையும் காணலாம், ஆனால் முதலில் இந்த மூன்றும் கைக்கு வரட்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். நான் மாணவர்களுக்கு அடிக்கடி தரும் ஸ்கெட்ச் இது: ஒரு முகப்பு, நடுவில் இரண்டு முழுத்தூண்கள், இரு ஓரங்களிலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், மேலே விமானம் இல்லை. வகை குடைவரை என்பது அதிலேயே முடிந்துவிட்டது. தூணின் அடியும் தலையும் சதுரம், நடுவில் மட்டும் எட்டுப்பட்டை, போதிகை வளைவு. அப்படியென்றால் மகேந்திரன் பாணி. இப்போது அதே படத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்கிறேன்: தூண்களை மெலிதாக்கி, அடியில் உட்கார்ந்த சிங்கத்தை வரைகிறேன். விடை மாமல்லன் பாணிக்கு மாறுகிறது. மாமல்லபுரத்து வராக மண்டபம் நினைவுக்கு வர வேண்டும். அதே சிங்கம் உட்காராமல் பின்னங்காலில் எழுந்து நின்று, கல் வரிசை தெரியும் சுவரின் அரைத்தூணாக இருந்தால் விடை மறுபடியும் மாறும்: கி.பி. 700ஐ ஒட்டிய இராசசிம்மன் காலக் கட்டுமானக் கோயில், காஞ்சிக் கைலாசநாதர். சிங்கம் என்று மட்டும் குறித்துவைத்த மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். எந்த வகைக் கட்டடத்தில், எந்த நிலையில் உள்ள சிங்கம் என்று எழுதிவைத்தவர் குழப்பிக்கொள்ள மாட்டார். இதனால்தான் வகையை முதலில் எழுதச் சொல்கிறேன்.

போதிகை தெரியாத அளவுக்குத் தொலைவிலிருந்து வரைந்த படமென்றால் வெளிக்கோட்டை நம்ப வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நேர்க்கோட்டில் சரிந்து ஏறும். கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தக் கோடு உள்நோக்கி வளையும். விமானத்தையும் கோபுரத்தையும் குழப்பாமல் இருக்க உச்சியைப் பாருங்கள்: விமானத்தில் பெரும்பாலும் எண்பட்டை, வட்டம் அல்லது சதுரச் சிகரமும் ஒற்றைக் கலசமும் இருக்கும், கோபுரத்தில் நீண்ட கூண்டுக் கூரையும் வரிசைக் கலசங்களும் இருக்கும், அடியில் வாயில் திறந்திருக்கும். விசயநகர காலத்துப் பெருங்கோபுரங்களில் வாயில் நிலை மட்டும் கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். அத்தனை உயரத்துக்கு எடையைக் குறைக்க அதுவே வழி. பெரிய கோயிலில் விமானம் கோபுரத்தைவிட உயரம், பிற்காலத்தில் கோபுரம் விமானத்தைவிட உயரம் என்ற வேறுபாட்டையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அடையாளங்கள் தவறான விடைக்கு இட்டுச்செல்லும் இடங்களும் உண்டு. தொடக்கச் சோழர் கோயில்கள் சிலவற்றில் பல்லவரின் வளைவுப் போதிகை தொடர்கிறது. அங்கே கூட்டைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போலிருந்தால் பல்லவர், சிங்கமுகமாக இருந்தால் சோழர். இரண்டாவது, ஒரு கோயில் வளாகம் ஒரே காலத்தது அல்ல. கருவறை ஒரு காலம், மண்டபம் ஒரு காலம், கோபுரம் இன்னொரு காலம் என்றுதான் பெரும்பாலான கோயில்கள் இருக்கின்றன. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் 1906இல் எழுந்தது. அதன் வடிவத்தைப் பார்த்து விசயநகர காலக் கட்டடம் என்று எழுதினால் தவறு. ஆகவே விடையில் கோயிலின் பெயருக்கு முன்பு உறுப்பின் பெயரை எழுதுங்கள்: "இந்தத் தூண் விசயநகரப் பாணி" என்பது நிலைக்கும், "இந்தக் கோயில் விசயநகரப் பாணி" என்பது எப்போதும் நிலைக்காது. மூன்றாவது, பழைய மண்டபங்களில் உத்திரத்தில் விரிசல் விழுந்த இடத்தில் பிற்காலத்தார் ஊன்றுகால் நிறுத்தியிருப்பார்கள். வரிசையில் ஒரு தூண் மட்டும் போதிகையில்லாமல் மொட்டையாக நின்றால் அதைப் பாணிக்குச் சான்றாக எடுக்காதீர்கள். சுதை பூசிப் புதுப்பித்த சிற்பங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்; கைலாசநாதரின் மணற்கல் அரித்துப்போன இடங்களில் பின்னாள் சுதைப்பூச்சு நிறைய இருக்கிறது.

குறிப்பின் வடிவம் எளிது. ஒரு பாணிக்கு அரைப் பக்கம் போதும். மேலே ஒரு சொல்லில் வகை. அடுத்து எடையைத் தாங்குவது எது, தாங்குவதுபோல் இருப்பது எது என்று இரண்டு வரி. இடப்பக்கம் நீங்களே வரைந்த போதிகையும் தூணும். வலப்பக்கம் எதனோடு குழம்ப வாய்ப்பு உண்டு, எதை வைத்துப் பிரிப்பது என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியைப் பாடநூல் தராது, இரண்டு அரைப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் எழுத வரும். மன்னர் பெயரையும் ஆண்டையும் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முன்பக்கப் படத்தைப் பார்த்துப் பின்பக்கத்தைச் சொல்வதுதான் தேர்வில் உங்களிடம் கேட்கப்போவது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறுங்கள். காலையில் கைலாசநாதர் கோயிலில் எழுந்து நிற்கும் சிங்கங்களை வரையுங்கள். மாலையில் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போய், குதிரை வீரர்கள் பாயும் தூண்களுக்கு மேலே அண்ணாந்து பார்த்துப் போதிகையை வரையுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு படங்களிலும் கோயிலின் பெயர் தெரியாதபடி மறைத்து, வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் எதைப் பார்த்துத் தவறாகச் சொல்கிறாரோ, அந்த உறுப்பை நீங்கள் இன்னும் சரியாக வரையவில்லை.