கிரகப்பிரவேசத்துக்குக் காலண்டரில் உள்ள முகூர்த்த நாள் போதுமா?

கேள்வி: காலண்டரில் சுபமுகூர்த்த நாள் என்று போட்டிருக்கும் நாளிலேயே கிரகப்பிரவேசம் வைத்துக்கொள்ளலாமா? தனியாக வேறு ஏதும் பார்க்க வேண்டுமா? கடை திறப்பதற்கும் இதே விதிதானா?

பதில்:

காலண்டரில் உள்ள முகூர்த்த நாள்கள் பெரும்பாலும் திருமணத்தை மனத்தில் கொண்டு குறிக்கப்பட்டவை. பங்குனியில் திருமண முகூர்த்தங்கள் நிறைய இருக்கும். ஆனால் புதுவீடு புகுவதற்குப் பங்குனியை விலக்குவதுதான் நம் வழக்கம். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகியவையும் அப்படியே விலக்கப்படுகின்றன. ஆகவே அந்தப் பட்டியலை முதல் சல்லடையாக மட்டும் கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் நட்சத்திரத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசியான லக்னத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம். வைகாசி 8, வெள்ளிக்கிழமை, வளர்பிறை தசமி, உத்திர நட்சத்திரம், சந்திரன் கன்னி ராசியில் என்று வைத்துக்கொள்வோம். சதுர்த்தி, நவமி, சதுர்த்தசி என்ற, விலக்க வேண்டிய ரிக்தை திதிகளில் ஒன்றாகத் தசமி இல்லை. உத்திரமோ நிலைத்த தன்மையுடைய நட்சத்திரம் என்பதால் குடிபுகுவதற்கு ஏற்றது. பொதுப் பார்வையில் இது நல்ல நாள்.

இனி வீட்டுக்காரரின் பொருத்தம். அவரது ஜன்ம நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை, இரண்டையும் சேர்த்து எண்ணி, ஒன்பதால் வகுக்க வேண்டும்; வரும் மீதியைக் கொண்டு சொல்வதுதான் தாரை. மீதி 3, 5, 7 வந்தால் விலக்குவார்கள், 1 வந்தால் ஜன்ம தாரை என்பதால் பலர் தயங்குவார்கள், மற்றவை நல்லவை. கணவர் ரோகிணி என்றால் உத்திரம் வரை 9, மீதியின்றி வகுபடுவதால் அது பரம மைத்திர தாரை. மனைவி கேட்டை என்றால் 22, மீதி 4, க்ஷேம தாரை. இருவருக்கும் பொருந்துகிறது. மனைவி பூசமாக இருந்திருந்தால் எண்ணிக்கை 5 வந்து, இதே நல்ல நாள் அந்த வீட்டுக்கு ஆகாத நாளாகியிருக்கும். கும்ப ராசிக்காரர்களுக்கு அன்று சந்திரன் எட்டில் இருப்பதால் சந்திராஷ்டமம்; அவர்கள் தாரை பார்க்கும் முன்பே நாளை மாற்றிவிடலாம்.

நாள் தேறிவிட்டது, பலர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்கு ஸ்திர லக்னம் வேண்டும் என்பது விதி, அதாவது ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம். வைகாசியில் சூரியன் ரிஷபத்தில் இருப்பதால் சூரியன் உதிக்கும்போதே ரிஷப லக்னம் நடந்துகொண்டிருக்கும். உதயம் 5.45 மணி என்றால், எட்டாம் தேதிக்குள் அந்த ராசியில் ஏறத்தாழ கால் பங்கு கடந்திருக்கும். மீதி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, சுமார் 7.20 வரை இருக்கும். காலண்டர் 6.00 முதல் 7.30 வரை நல்ல நேரம் என்று போட்டிருந்தாலும், 7.25க்கு வீட்டுக்குள் கால் வைப்பவர் மிதுன லக்னத்தில்தான் நுழைகிறார். லக்னம் மாறும் சந்தியையும் தவிர்த்து, 6.00 முதல் 7.00 வரை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

உறவினர் வந்து சேர நேரம் வேண்டும் என்று அடுத்த ஸ்திர லக்னமான சிம்மத்தைக் கேட்பவர்கள் உண்டு. அது 11.40 வாக்கில்தான் தொடங்கும். அன்று அஸ்தமனம் 6.25 என்றால் பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு 95 நிமிடம். வெள்ளிக்கு நான்காம் பங்கான ராகு காலம் 10.30 முதல் 12.05 வரை நீளும். அதைக் கழித்தால் பிற்பகல் வந்துவிடும். என் கருத்தில், உறவினருக்காக லக்னத்தை விடுவதைவிட விருந்தைப் பகலில் வைத்துக்கொள்வது எளிது.

லக்னம் கிடைத்த பின் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ரிஷபத்துக்கு எட்டாமிடமான தனுசில் எந்தக் கிரகமும் இருக்கக் கூடாது. வீட்டைக் குறிக்கும் நான்காமிடமான சிம்மத்தில் சனி, ராகு, கேது போன்றவை இருக்கக் கூடாது. சிம்மத்தில் கேது நிற்கும் ஆண்டாக இருந்தால், இவ்வளவு பொருந்திய இந்த நாளையும் நான் விட்டுவிடுவேன். லக்னத்திலேயே சூரியன் நிற்பதைக் குறையாகச் சொல்வோரும் உண்டு. நான்கும் எட்டும் சுத்தமாக இருக்கும்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

குறித்த நேரம் எந்தச் செயலுக்கு என்பதையும் முன்கூட்டியே புரோகிதரிடம் பேசிவிடுங்கள். நிலைவாசலைத் தாண்டி உள்ளே புகுவதற்கும் பால் காய்ச்சுவதற்கும்தான் அந்த நேரம். ஹோமம் நீண்டு, பால் பொங்கும்போது லக்னம் மாறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பால் காய்ச்சியபின் மீதி ஹோமத்தைத் தொடரலாம்.

கடைக்கு விதி சற்று மாறும். வீட்டுக்கு நான்காமிடம் போல வியாபாரத்துக்குப் பத்தாமிடமும் பதினோராமிடமும் முக்கியம். அசுவினி, பூசம், அஸ்தம் போன்ற விரைவு நட்சத்திரங்களை வியாபாரத்துக்கு விரும்பி எடுப்பார்கள். தாரையை முதலாளியின் நட்சத்திரத்துக்கும், கூட்டு வியாபாரமானால் பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டும். பிரமுகர் வந்து ரிப்பன் வெட்டத் தாமதமானாலும், முதல் விற்பனையை அந்த நேரத்துக்குள் செய்து பணத்தைப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.