நீளமான ஐபேன் எண்ணைத் துண்டு துண்டாகச் சரிபார்ப்பது

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணை 97-ஆல் வகுத்தால் மீதி தப்பாக வருகிறது. என்ன செய்வது?

சாதாரண எண் வகையில் சுமார் 16 இலக்கம் வரைதான் துல்லியம் இருக்கும். அதனால் துண்டாக வகுங்கள். ஒவ்வொரு மீதியையும் அடுத்த துண்டின் முன்னால் ஒட்டுங்கள்.

`GB82WEST12345698765432` என்பதில் முதல் நான்கு எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளி, A=10 முதல் Z=35 வரை மாற்றினால் `3214282912345698765432161182` கிடைக்கும்.

```
321428291 % 97 = 70
702345698 % 97 = 29
297654321 % 97 = 24
2461182 % 97 = 1
```

கடைசி மீதி 1 என்றால் சரி. துண்டைச் சரமாகவே ஒட்டுங்கள். `0012345` போன்ற துண்டை முதலிலேயே எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும், விடையும் கெடும். அப்புறம் ஒன்று: இது தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும், அந்த வங்கிக் கணக்கு உண்மையில் இருக்கிறதா என்று சொல்லாது.