கொலாப்பால் வந்தவர்கள் எத்தனை பேர்?

வணக்கம். சமையல் சேனல் நடத்துகிறேன். தீபாவளி முடிந்த மறுநாள், பெரிய சேனல் ஒன்றோடு சேர்ந்து செய்த பிரியாணி வீடியோ அவர்கள் பக்கத்தில் வெளியானது. அதற்கு முந்தைய 28 நாளில் எனக்கு 840 சப்ஸ்கிரைபர் வந்தார்கள், பிந்தைய 28 நாளில் 2,100. கொலாப்பால் 1,260 பேர் கூடினார்கள் என்று சொல்லலாமா? வாரக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

28 நாள் எடுத்தது சரி. இரண்டு பக்கமும் நாலு ஞாயிறு வந்துவிடுகிறது. முப்பது நாள் என்றால் ஒரு பக்கம் ஐந்து ஞாயிறு விழக்கூடும். சமையல் சேனலுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். கொலாப் இல்லாவிட்டாலும் 840 பேர்தான் வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு கழித்திருக்கிறீர்கள். முந்தைய நாலு வாரத்தைப் பாருங்கள்: 150, 190, 230, 270. வாரம் நாற்பது ஏறுகிறது. ஏற்றம் அப்படியே தொடர்ந்திருந்தால் அடுத்த நாலு வாரம் 310, 350, 390, 430, மொத்தம் 1,480. அப்போது கொலாப்பின் பங்கு 620 மட்டுமே.

ஆனால் ஏன் ஏறியது? அந்த வாரங்களில் நீங்கள் போட்டது முறுக்கும் அதிரசமும். தீபாவளிக்கு முன் எல்லாரும் தேடுவது அதைத்தான். பண்டிகை முடிந்ததும் வரத்து இறங்கியிருக்கும், ஏறியிருக்காது. எனவே 620-ஐயும் நான் நம்பமாட்டேன்.

போன வருடத் தீபாவளியை எடுங்கள். தேதியை வைத்து ஒப்பிடாமல் பண்டிகையிலிருந்து நாள் எண்ணுங்கள். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. ஒருமுறை நான் நவம்பரையும் நவம்பரையும் ஒப்பிட்டு ஏமாந்தேன். போன வருடம் பண்டிகைக்கு முன் 28 நாளில் 400 பேரும் பின் 28 நாளில் 300 பேரும் வந்திருந்தார்கள் என்று வையுங்கள். முக்கால் பங்கு. இந்த வருட 840-இல் முக்கால் 630. இப்போது கொலாப்பின் பங்கு 1,470. உங்கள் கணக்கைவிட அதிகம். ஒரே வருடத்தை வைத்துச் சொல்வதால், ஆயிரத்துக்கு மேல் என்று மட்டும் எடுத்துக்கொள்வேன்.

பின் வாரங்கள் 1,020, 420, 340, 320. முதல் வாரத்திலேயே பாதி வந்துவிட்டது. அந்த வாரம் உங்கள் ஷார்ட்ஸ் ஏதாவது ஓடியதா? யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோ வாரியாக வந்த சப்ஸ்கிரைபரைப் பார்த்தால் தெரியும். ஓடியிருந்தால், அது வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொண்டுவந்தவர்களைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம், 2,100 என்பது வந்தவர்கள் மட்டுமா, விலகியவர்களைக் கழித்ததா என்று கடிதத்தில் இல்லை. பிரியாணிக்காக வந்தவர்கள் உங்கள் ரசத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியும் இருக்கலாம். ஸ்டுடியோவில் வந்தது, போனது இரண்டும் தனித்தனியாக இருக்கும். மூன்றாம், நாலாம் வாரங்களில் போனவர்கள் தொகை பழைய அளவைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.