எக்கோவில் 2 மி.மீ. ஓட்டை: பயப்படணுமா?

"ரெண்டு மாசக் குழந்தைக்கு இதய ஸ்கேனான எக்கோவில் 2 மி.மீ. மஸ்குலர் வி.எஸ்.டி., இடமிருந்து வலம் ஷன்ட், கிரேடியன்ட் 64 என்று எழுதியிருக்கிறார்கள். 64 அதிகமாச்சே, ஆபத்தா?"

இல்லை, இங்கே அந்த 64 நல்ல செய்திதான். வி.எஸ்.டி. என்றால் இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் இருக்கும் ஓட்டை. இடது அறையில் அழுத்தம் அதிகம், அதனால் ரத்தம் வலப்பக்கம் பாய்கிறது, இதுதான் ஷன்ட். குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுமே, அதேபோல் சின்ன ஓட்டையில் ரத்தம் வேகமாகப் பீய்ச்சும். வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால், அதன் வர்க்கம் 16, அதை 4-ஆல் பெருக்கினால் 64. இரு அறைகளுக்கும் இடையே அழுத்த வித்தியாசம், அதாவது கிரேடியன்ட், 64 மி.மீ. பாதரச அளவு இருக்கிறது; அதாவது வலது அறையின் அழுத்தம் ஏறவில்லை. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் பலமாகக் கேட்பதும் இதனால்தான்.

பெரிய ஓட்டையில் நேர்மாறு: இரு பக்கமும் அழுத்தம் சமமாகி வேகம் குறையும், ஆனால் நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் போகும். பல வருஷம் கவனிக்காமல் விட்டால் ஓட்டத்தின் திசையே வலமிருந்து இடமாகத் திரும்பி உதடு நீலமாகும்.

சரி, எப்படித் தானாக மூடும்? மஸ்குலர் வகை தசைச் சுவரிலேயே இருப்பதால், குழந்தை வளரும்போது தசை தடித்து ஓட்டையை நெருக்கிவிடும், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வருஷத்துக்குள். வால்வுக்கு அருகிலுள்ள வகையில், பக்கத்து வால்வின் திசு ஒட்டிக்கொண்டு அடைக்கும். பெருந்தமனியை ஒட்டிய சில வகைகள் தானாக மூடுவது அபூர்வம்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் நிறுத்தினாலோ எடை ஏறாவிட்டாலோ அடுத்த எக்கோ தேதிவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.