உடம்பு சரியில்லாமல் நான்கு வாரம் பாட்டு வகுப்பு விட்டுப்போச்சு. ஈடு வகுப்பு பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவது?

நீங்களும் என்னைப் போல வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான்கையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட மட்டும் நினைக்காதீர்கள். நான் அப்படிச் செய்து பட்டிருக்கிறேன்.

அப்போது எனக்குத் தொண்டை கட்டி ஒரு மாதம் குரலே வரவில்லை. பிள்ளைகளுக்குக் கடன்பட்ட மாதிரி மனசு உறுத்தியதால், தேறியதும் மூன்று மணி நேர வகுப்பு வைத்தேன். ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது, அப்புறம் மேல் ஷட்ஜம் எட்டாமல் ஒவ்வொன்றாகச் சுருதி இறங்க ஆரம்பித்தது. ஜம்பை தாள அலங்காரத்தில் இன்னும் மோசம். லகுவுக்கு 7 எண்ணிக்கை, ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து கட்டை விரல் வரை ஐந்து, திரும்பவும் சுண்டு விரல். நான்கு வாரம் பழக்கம் விட்ட பிள்ளைகள் கட்டை விரலோடு நின்று அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்கள், தாளம் ஓர் எண்ணிக்கை முன்னால் ஓட, பாட்டு பின்னால் வந்தது. ஒரு குழந்தை அழுதே விட்டது. மறதியைத் திட்டி என்ன பயன், அது விரலில் இருக்கிற பழக்கம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும்.

அடுத்த வாரமே இப்படி எழுதி அனுப்பினேன்:

"பிள்ளைகளே, விட்டுப்போன நான்கு வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று முடிந்தது. மீதி மூன்றும் நான் உங்களுக்குத் தர வேண்டியது. வருகிற மூன்று புதன்கிழமையும் மாலை 6 மணியிலிருந்து 6.45 வரை வாருங்கள். அன்று டியூஷன் இருப்பவர்கள் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வரலாம். எது முடியும் என்று வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவையோ அப்பாவையோ சொல்லச் சொல்லுங்கள். புதுப்பாடம் கிடையாது. ஜம்பை வரை முதல் காலத்தில் மட்டும் ஒரு தடவை பாடிப் பார்த்துவிட்டு வாருங்கள், மறந்திருந்தாலும் வாருங்கள். தனி ஃபீஸ் இல்லை."

எத்தனை வகுப்பு பாக்கி என்பதையும் ஃபீஸ் இல்லை என்பதையும் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு போன் வரும்.

ஆன்லைனில் எடுத்திருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். குரல் இல்லாதவள் எதில் எடுப்பது? குரல் இருந்தாலும் அதில் சத்தம் தாமதமாக வந்து சேர்வதால் பிள்ளைகளோடு சேர்ந்து தாளம் போட முடியாது, ஒவ்வொருவராகப் பாட வைத்துத்தான் திருத்த வேண்டும். இதையெல்லாம் விளக்கினாலும், டாக்டருக்கும் பல்லுக்கும் பேரம் பேசாமல் கொடுப்பவர்கள் பாட்டு டீச்சரிடம் மட்டும் "உடம்பு சரியில்லாத மாசத்துக்குப் பாதி கழிச்சுக்கலாமா" என்கிறார்கள். வகுப்பைத்தான் திருப்பித் தருகிறேனே.

மூன்றாவது புதன்கிழமை அழுத அந்தக் குழந்தைக்குச் சுண்டு விரல் தானாகத் திரும்பியது. இரண்டாம் காலம் அன்றுதான் ஆரம்பித்தேன்.